கோப்பிக் கறையும் ஒரு வாய்த் தண்ணீரும்

மூன்றாம் தடவை போனபோதுதான் பல் வைத்தியரைக் காணக் கிடைத்தது. முதல் நாள் சுன்னாகத்தில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய்ச் சேர, நம்பர் முடிந்துவிட்டது. அடுத்த தடவை நம்பர் கிடைத்தது. ஆனால் பல் கிளீன் பண்ணுவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் என்பதை இரண்டு மணித்தியாலம் இருத்திவைத்த பிறகுதான் சொன்னார்கள். நம்பர் தரும்போதே சொல்லியிருக்கலாம். போகிறவர்கள் முதலில் போன் எடுத்து நாளைக் கேளுங்கள்.

கிளீன் பண்ணியது அரை மணித்தியாலம்கூட இல்லை. கீழ் முன்பற்களின் உட்பக்கம் இருந்த கபிலக் கோடு போய்விட்டது. பிறகு டொக்டர் ஒன்று கேட்டார்: "அக்கா, ஒரு கோப்பியை எவ்வளவு நேரம் வைச்சுக் குடிப்பியள்?"

கடையில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை குடிப்பேன். பாலில்லாத கோப்பி, பனங்கட்டியோடு. அதுதான் பிழை என்றார். பல் தீட்டிய சில நிமிடத்திலேயே எச்சிலில் உள்ள புரதம் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடும். கோப்பியின் நிறப் பொருள்கள் ஒட்டுவது அந்தப் படலத்தில்தான். பத்து நிமிடத்தில் குடித்து முடித்தால் எச்சில் கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். நாலு மணித்தியாலம் மிடறு மிடறாகக் குடித்தால் அதற்கு வாய்ப்பே இல்லை.

நான் செய்த இன்னொரு பிழைதான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. கறை பிடிக்கிறதே என்று குடித்த கையோடு உமிக்கரி போட்டு அழுத்தித் தீட்டினேன், ஒரு வருடத்துக்கு மேல். கோப்பியில் அமிலம் உண்டு. அது பட்டவுடன் பல்லின் மேற்பூச்சு சற்று இளகி இருக்கும், அந்த நேரம் தேய்த்தால் பூச்சுத்தான் தேயும். சொரசொரப்பான கரி அதை இன்னும் கூட்டும். தேய்ந்த பூச்சு திரும்ப வளராது, சொரசொரப்பான இடத்தில் கறையும் இன்னும் சுலபமாகப் பிடிக்கும்.

இப்போது கோப்பியை ஒரே இருப்பில் குடிக்கிறேன். முடிந்தவுடன் ஒரு வாய் பச்சைத் தண்ணீர், கன்னம் இரண்டும் அசைய அரை நிமிடம் அலசித் துப்புவேன். ஒருநாள் எங்கள் வெள்ளைப் பேசினில் மூன்று வாய் அலசித் துப்பிப் பார்த்தேன்: முதல் வாய் கபிலமாக வந்தது, இரண்டாவது மங்கலாக, மூன்றாவது வெறும் தண்ணீராக. அவ்வளவும் முன்பு வாயிலேயே நின்றிருக்கிறது. பிரஷ் எடுப்பதென்றால் அரை மணித்தியாலம் கழித்துத்தான்.

ஆனால் ஏற்கெனவே பிடித்த கறை அலசினால் போகாது. நாக்கால் தடவ உட்பக்கம் கரடுமுரடாக இருந்தால் அது கல்லாக இறுகிவிட்ட ஊத்தை. அதை வைத்தியர்தான் எடுக்க வேண்டும்.

ஐந்து மாதமாகிறது, அந்தக் கோடு இன்னும் திரும்பவில்லை. வாற செவ்வாய் செக்கப். போன் எடுத்துக் கேட்டுவிட்டேன்.