இரண்டு கட்டில் சட்டத்தில் ஓர் அலமாரி

தேக்கா சிப்போர்டா என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். சுங்கை சிப்புட் பெரியவர்களுக்குத் தேக்கைத் தவிர மற்றதெல்லாம் அட்டை. இளசுகளுக்கோ தவணையில் கிடைக்கும் வெள்ளை அலமாரியே போதும், நாலு வருஷத்தில் தூக்கிப் போட்டுவிடலாம். எனக்கு இரண்டும் சரிப்படவில்லை. மின்தூக்கி இல்லாத பிளாட்டில் மூன்றாவது மாடி, சிறிய ஹால், கையில் இருப்பது அறுநூறு வெள்ளி. புத்தகமும் பாத்திரமும் அரிசி மூட்டையும் தாங்குகிற மாதிரி, சுவர் நெடுக ஓர் அலமாரி வேண்டும். முழுத் தேக்கில் அதைச் செய்ய என் காசு எந்த மூலைக்கும் போதாது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினேன். அலமாரியில் எந்த இடத்துக்குத் தேக்கு உண்மையாகவே தேவை?

சிப்போர்டு அலமாரி எங்கே கெடுகிறது என்று முதலில் பார்த்தேன். பிளாட் குப்பைக் கொட்டகையில் மாதத்துக்கு ஒன்றாவது கிடக்கும், அதுவே நல்ல பள்ளிக்கூடம். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடம். தரையைத் தொடும் அடி ஓரம் பொரி மாதிரி உப்பிப்போய் இருக்கும். தட்டுகள் நடுவில் தொய்ந்திருக்கும். நடுப் பக்கங்கள், மேல் பலகை எல்லாம் பல சமயம் புதுசாகவே இருக்கும். முன் ஓரத்துக்கு அழகாக டேப் ஒட்டுகிற பல தயாரிப்பாளர்கள், கண்ணுக்குத் தெரியாத அடி ஓரத்தைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். மோப் தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

தண்ணீர் விஷயத்தைக் கண்ணால் பார்க்க, கடையில் மிஞ்சிய துண்டுகளை வாளியில் ஓர் இரவு முழுக்க மூழ்க வைத்தேன். 16 மில்லிமீட்டர் சிப்போர்டு காலையில் 19-ஐத் தொட்டிருந்தது. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பவில்லை, விரலால் நிமிண்டினால் தூளாக உதிர்ந்தது. அழுத்தி ஒட்டிய மரத்தூள் ஒருமுறை விரிந்துவிட்டால் பசையின் பிடி விட்டுப்போகும், அதைத் திரும்ப அழுத்தி வைக்க யாரும் இல்லை. பிளைவுட் துளிதான் தடித்தது. தேக்குத் துண்டில் வித்தியாசத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் வட்டாரத்தில் இன்னொரு மரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் பால்மரம். தோட்டத்தில் மறுநடவுக்காக வெட்டும் ரப்பர் மரத்தைச் சிறு துண்டுகளாக்கி, விரல் கோத்தது போல் இணைத்து, பலகையாக ஒட்டி விற்கிறார்கள். மலேசிய மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு இந்த மரம்தான். நான் வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு அப்பா, “இது அடுப்புக்கு வைக்கிறதுதானேப்பா?” என்றார். அவர் பால் வெட்டிய காலத்தில் அப்படித்தான். வெட்டியதும் பூஞ்சை படிந்து நீலம் பாயும், வண்டு துளைக்கும், அதனால் யாரும் சீண்டவில்லை. இப்போது அறுத்த உடனே போரான் மருந்து ஏற்றி, சூளையில் காய வைக்கிறார்கள். ஆனால் அந்த மருந்து தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது. ஈரத் தரையில் பால்மரத்தை நிறுத்துவது சரிவராது.

அடுத்தது தொய்வு. நான் திட்டமிட்ட அலமாரிக்குப் பக்கம் பக்கமாக இரண்டு அறை. ஒவ்வொரு தட்டும் 800 மில்லிமீட்டர் நீளம், 300 அகலம், 16 தடிமன். மேலே, கீழே, மூன்று நிற்கும் பலகை, எட்டுத் தட்டு எல்லாம் நாலுக்கு எட்டு அடியுள்ள இரண்டு தாள் மெலமைன் சிப்போர்டில் அடங்கின, ஒரு தட்டளவு துண்டும் மிஞ்சியது. ஒரு தாள் முப்பது கிலோவுக்கு மேல் கனம், படியில் முழுசாகத் தூக்க முடியாது. கடையிலேயே ரம்பத்தில் அறுத்து வாங்கியதில் வெட்டும் நேராக வந்தது.

மிஞ்சிய துண்டை இரண்டு செங்கல் அடுக்கின் மேல் வைத்து, முனைக்கு முனை நூல் கட்டி, பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டைப் படுக்க வைத்தேன். நடுவில் ஐந்தரை மில்லிமீட்டர் இறங்கியது. கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது. ஆனால் சிப்போர்டு அதோடு நிற்பதில்லை. பாரம் இருக்கிற வரை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். சில வாரம் அப்படியே விட்டதில் ஒன்பதைத் தொட்டது, மூட்டையை எடுத்த பிறகும் பலகை முழுக்க நிமிரவில்லை.

இடைவெளியைக் குறைப்பது ஒரு வழி. அதே பாரத்துக்கு நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் 400 மில்லிமீட்டர் அறையில் என் பெரிய குண்டான் நுழையாது. இன்னொரு வழி, தட்டின் முன் ஓரத்தில் கட்டை மரச் சட்டம் ஒன்றை நிறுத்தி ஒட்டுவது. விஷயம் ‘நிறுத்தி’ என்பதில் இருக்கிறது. 40-க்கு 22 மில்லிமீட்டர் சட்டத்தைப் படுக்க வைத்தால் கிடைக்கும் விறைப்பைவிட, 40 உயரமாக நிற்க வைத்தால் மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். இப்படி நிறுத்திய ஒரே ஒரு தேக்குச் சட்டம், 300 அகலச் சிப்போர்டு முழுவதையும் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு விறைப்பு. கணக்கைப் பார்த்துவிட்டு எனக்கே நம்பிக்கை வராமல் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

தேக்கு கிடைத்தது ஒரு பழைய கட்டிலில். தோட்டத்து வீட்டைக் காலி செய்த குடும்பம் ஒன்று விற்றது. ‘ஜாத்தி’ என்று சொன்னால் அப்படியே நம்பி எடுக்கக் கூடாது. ஞாத்தோ மரத்துக்குச் சாயம் ஏற்றித் தேக்கு என்று தள்ளிவிடுவதும் உண்டு. காலுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தேன். தங்கப் பழுப்பு நிறம், மெழுகு தடவிய மாதிரி வழுவழுப்பு, தோல் வாசனையோடு எண்ணெய் நெடி. வெட்டு முனையில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிந்தது, ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நின்றன. ஞாத்தோவில் அந்த வரிசை இருக்காது. வெளிறிய ஓரம் இருந்தால் அது வெள்ளை மரம். தேக்கே ஆனாலும் வெள்ளையைக் கரையான் விடாது, வைரம்தான் தாங்கும். இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம் என்பதால், புதுத் தேக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய வேண்டாம்.

கட்டிலின் பக்கச் சட்டம் இரண்டு. ஒவ்வொன்றும் 1900 மில்லிமீட்டர் நீளம், 150 அகலம், 25 தடிமன். ஆணி ஓட்டை விழுந்த ஓரத்தை நீக்கிவிட்டு ஒவ்வொன்றையும் 40 மில்லிமீட்டர் சட்டமாக மூன்றாகக் கிழித்தேன், இழைத்த பிறகு தடிமன் 22, மொத்தம் ஆறு. அவற்றில் நான்கைப் பாதி பாதியாக வெட்டியதில் எட்டுத் தட்டுக்கும் முன் சட்டம் வந்துவிட்டது. மீதி இரண்டு அலமாரியின் அடிச் சட்டத்துக்கு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவற்றின் வால் துண்டுகளே அடிச் சட்டத்தின் பக்கக் கட்டையாயின. ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் தேக்கு நல்ல வேலை வைக்கிறது. அதில் சிலிக்கா உண்டு, அலகு சீக்கிரம் மழுங்கும்.

ஒட்டுவதில்தான் பொறுமை வேண்டும். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முகத்தைப் புதிதாகத் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த கையோடு வெள்ளைப் பசை தடவிக் கிளாம்ப் போட்டேன். துடைத்துவிட்டு மறுநாள் ஒட்டினால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். ஒட்டு பிடித்ததா என்று தெரிய, வால் துண்டு ஒன்றைச் சிப்போர்டில் ஒட்டி உளியால் பிரித்துப் பார்த்தேன். சிப்போர்டு பிய்ந்து தேக்கோடு வந்தது, அப்படி வந்தால் சரி. தேக்கு முகம் மட்டும் பளபளவென்று தனியாகக் கழன்றால் திரும்பத் துடைக்க வேண்டும்.

சட்டத்தின் இரு முனையையும் நிற்கும் பலகை வழியாகத் திருகி இறுக்கியிருக்கிறேன். தட்டின் பின் ஓரம் பால்மரச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இல்லையென்றால் முன்பக்கம் நிமிர்ந்து பின்பக்கம் தொய்யும். அதே இரண்டு அரிசி மூட்டையை வைத்தபோது முன் ஓரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. அதே சில வாரம் கழித்து அளந்தபோதும் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி மாறவில்லை.

தொய்வு மட்டும்தான் கவலை என்றால் முன் சட்டத்துக்குத் தேக்கு வேண்டியதே இல்லை. பால்மரமும் விறைப்பில் தேக்குக்கு அருகில் வருகிறது, விலையோ எட்டுகிற விலை. கட்டிலில் மரம் இருந்ததால் நான் தேக்கையே போட்டேன். அடிச் சட்டம் மட்டும் அப்படியல்ல. அங்கே ஈரமும் கரையானும் சேர்ந்து வரும், அங்கே தேக்கு வைரம்தான் வேண்டும். ஓர் அலமாரிக்கு நாலு மீட்டருக்கும் குறைவான சட்டம், பழைய நாற்காலி இரண்டைப் பிரித்தாலும் அதற்கு ஓரளவு தேறும். இப்போது சிப்போர்டு தரையிலிருந்து 40 மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. அதன் அடி ஓரத்துக்கும், சுவரைப் பார்க்கும் ஓரத்துக்கும் இஸ்திரிப் பெட்டியால் டேப் ஒட்டிவிட்டேன். ஓரம் மூடினால் தண்ணீரும் ஏறாது, புதுச் சிப்போர்டின் கண்ணெரிச்சல் வாடையும் குறையும். அந்த வாடை குறைவு என்று காட்டும் இ1 முத்திரை பலகையில் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்கினேன்.

கீழ் இரண்டு அறைக்குக் கதவு போடுவது மிச்சம். 35 மில்லிமீட்டர் கிண்ணக் கீலுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஆழம் குடைய வேண்டும். 16 மில்லிமீட்டர் சிப்போர்டில் அதற்குப் பின்னால் நிற்பது 4 மில்லிமீட்டர்தான், கீல் திருகும் தூளில்தான் பிடிக்கும். தினமும் பத்து தடவை திறந்து மூடும் கதவுக்கு அது போதாது. கதவை மட்டும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுக்கச் சொல்லியிருக்கிறேன். அரைத் தாளுக்கும் குறைவுதான், கட்டில் காசு போக மிஞ்சியதில் அடங்கும்.