கண்டென்சர் கணக்கில் Cmin யாருடையது?

செமஸ்டர் தேர்வில் வெப்பப் பரிமாற்றத் தாளில் நான் முழுதாகக் கோட்டைவிட்ட கணக்கு இது. 50 டிகிரியில் நீராவி குளிர்ந்து நீராகிறது, நொடிக்கு 1 கிலோ. குளிர்நீர் 30 டிகிரியில் நுழைந்து 40 டிகிரியில் வெளியேறுகிறது. NTU எவ்வளவு?

நீராவியின் நிறை குறைவு, ஆகவே இரண்டு ஓட்டங்களின் C-களில் சிறியதான Cmin அதனுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். நீராவியின் cp சுமார் 1.9 என்று போட்டேன். அதிகபட்சமாகக் கைமாறக்கூடிய வெப்பம் 1.9 × 20 = 38 கிலோவாட் என்று வந்தது. ஆனால் 50 டிகிரியில் ஒரு கிலோ நீராவி நீராகும்போது விடும் மறை வெப்பம் சுமார் 2382 கிலோஜூல். அப்படியானால் உண்மையில் கைமாறும் வெப்பத்துக்கும் அந்த அதிகபட்சத்துக்கும் உள்ள விகிதமான எஃபெக்டிவ்னஸ் 62க்கு மேல் போகிறது! அது 1ஐத் தாண்டவே முடியாது. அந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

C என்பது ஓட்டத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்ற நொடிக்குத் தேவைப்படும் வெப்பம். நீராவியோ 2382 கிலோவாட்டைக் கொடுத்துவிட்டும் 50 டிகிரியிலேயே நிற்கிறது. ஆகவே அதன் C முடிவிலி. Cmin குளிர்நீருடையது: 2382 / 10 = 238.2. Cmin / Cmax விகிதம் பூஜ்யம். எஃபெக்டிவ்னஸ் 10 / 20 = 0.5. அப்புறம் ஒரே சூத்திரம் போதும்:

ε = 1 − e^(−NTU)

NTU = ln 2 = 0.693. கேள்வியில் இணைப்பாய்வு, எதிர்ப்பாய்வு என்று எது இருந்தாலும் இதேதான். நீரை எந்தத் திசையில் விட்டாலும் அதற்கு எதிரே இருப்பது அதே 50 டிகிரிதானே. கொதிகலனிலும் இப்படித்தான்.

இதன் அடுத்த கட்டமாக வரும் கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குழாயில் படிவு சேர்ந்து, வெப்பத்தைக் கடத்தும் திறனான UA 20 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்? NTU = UA / Cmin என்பதால் அதுவும் 20 சதவீதம் குறைந்து 0.554, எஃபெக்டிவ்னஸ் 0.426. நீராவி 50 டிகிரியில் நிலையாக இருப்பதாகக் கேள்வி சொன்னால், நீர் 30 + 20 × 0.426 = 38.5 டிகிரியில் வெளியேறும். ஆனால் நீராவியின் அளவு நிலையானது என்றால், அவ்வளவு வெப்பமும் நீருக்கு வந்தே தீரும். நீர் அதே 40 டிகிரிதான். மாறுவது நீராவிப் பக்கம்: 10 / 0.426 = 23.5, அதாவது நீராவி 53.5 டிகிரிக்கு ஏறுகிறது. அழுத்தமும் கூடுவதால் கண்டென்சரின் வெற்றிடம் குறைகிறது. மின்நிலையங்களில் நடப்பது இந்த இரண்டாவதுதான். எது நிலையானது என்று கேள்வியில் தேடிப் பார்த்துவிட்டே பேனாவை எடுங்கள்.

நீராவி மிகைவெப்ப நிலையில் நுழைந்தாலோ, நீரான பிறகும் மேலும் குளிர்ந்தாலோ, அந்தப் பகுதிகளில் வெப்பநிலை மாறுகிறது. விகிதம் அங்கே பூஜ்யம் இல்லை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துத்தான் போட வேண்டும்.