கிழித்துப் போட்ட முதல் தாள்

வியாசர்பாடியில் எங்கள் தெரு மகளிர் குழுவில் நுகர்வோர் உரிமை பற்றி நாற்பது நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் எழுதிய முதல் குறிப்பு 2019 சட்டம், ஆறு உரிமைகள் என்றுதான் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரிப்பா, என் ஃபிரிட்ஜுக்கு என்ன வழி?" என்றார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் கதையையே பேச்சாக மாற்றினேன்.

24,000 ரூபாய் ஃபிரிட்ஜ், ஐந்தாம் மாதமே குளிரவில்லை. வாரண்டியில் மூன்று தடவை மெக்கானிக் வந்தார், ஒவ்வொரு தடவையும் "பார்ட் வரணும்க்கா" என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அக்காவும் கொடுத்துவிட்டார். அந்த ஓடிபியோடு புகார் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டது அவருக்குத் தெரியாது. குறிப்பில் இதைத்தான் பெரிதாக எழுதினேன்: வேலை முடியாமல் ஓடிபி கொடுக்காதீர்கள், வந்துபோன தேதியையும் என்ன சொன்னார் என்பதையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் எங்கே போவது? முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்புவார்கள், பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அவர்களால் உத்தரவு போட முடியாது, இதைச் சொல்லாமல் விட்டால் ஜனங்கள் அங்கேயே காத்துக் கிடப்பார்கள். அக்காவுக்கும் "ஏற்கெனவே சரிசெய்தாகிவிட்டது" என்றே பதில் வந்தது. பிறகு கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபால் அனுப்பினோம், தேதிகளை வரிசையாக எழுதி, பதினைந்து நாளில் சரிசெய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று. பதினோராவது நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது, கம்ப்ரஸரை மாற்றிக் கொடுத்தார்கள்.

வராமல் போயிருந்தால்? கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்துக்கு உரிய ஆணையத்தில், நமக்கென்றால் சென்னை வடக்கில், மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் திரும்ப, நஷ்டஈடு எல்லாம் கேட்கலாம். ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கடையையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

பேச்சு நாளன்று வரும்போது ஒரு பில் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். பதினெட்டுப் பேர் வந்தார்கள், ஏழு பேர் கையில் இருந்தது வெறும் வெள்ளைத் தாள். பீரோவில் பத்திரமாக வைத்ததுதான், அந்த வழவழ காகிதத்தில் எழுத்து மங்கிப் போயிருந்தது. வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள் என்ற வரியை அங்கேயே நின்று, குறிப்பின் மேலே பேனாவால் சேர்த்தேன்.