எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு இரண்டு வாரம்: ஓசூர்த் தொழிற்சாலையில் விடுப்புக் கேட்ட அனுபவம்

ஓசூர் சிப்காட் பகுதியில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் அளவீட்டுக் கூடத்தைக் கவனித்து வருகிறேன். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய்வர வேண்டும் என்பது பல ஆண்டுகளாக நான் பணம் சேர்த்து, உடலைப் பழக்கித் திட்டமிட்டிருந்த பயணம். 2024 நவம்பரில் அதற்காக இரண்டு வாரம் விடுப்பு கேட்டேன். எங்கள் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒரு வாரம் கேட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்; மலையேறப் போகிறேன் என்று இரண்டு வாரம் கேட்டால், வேலையை விட்டெறிந்து ஊர்சுற்றப் போவதாகவே காதில் விழும். அப்படி விழாதபடி கேட்பதற்கு நான் என்ன செய்தேன் என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

உடன் வேலை செய்பவர்கள் சொன்ன முதல் யோசனை, சொந்தத்தில் கல்யாணம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்பதுதான். மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் ஒருவர் சொன்னார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. நேர்மை ஒரு காரணம் என்றாலும், நடைமுறைக் காரணமும் உண்டு. மலையில் வானிலை கெட்டுத் திரும்புவது ஒரு நாள் தள்ளிப்போனால், உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனவர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்; கல்யாணத்துக்கென்று போனவர் இன்னொரு பொய்யைத் தேட வேண்டியிருக்கும்.

நாள் குறிப்பதிலிருந்தே வேலையைத் தொடங்கினேன். எவரெஸ்ட் பாதையில் மழைக்காலம் முடிந்த அக்டோபரும் நவம்பரும் வானம் தெளிவாக இருக்கும் மாதங்கள். ஆனால் அந்த ஆண்டு அக்டோபர் 11-இல் ஆயுத பூஜையும் 31-இல் தீபாவளியும் வந்தன. தீபாவளிக்கு உள்ளூர்க்காரர்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். பீகாரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் சத் பூஜையும் முடித்துக்கொண்டு நவம்பர் இரண்டாம் வாரத்தில்தான் திரும்புவார்கள். அந்த இடைவெளியில் நானும் இல்லையென்றால் பிரிவே தள்ளாடும். மாதக் கடைசி வாரமோ சரக்கு அனுப்பும் நெருக்கடி. ஆகவே எல்லோரும் திரும்பிய பிறகு தொடங்கி, மாதக் கடைசி நெருக்கடிக்கு முன்பே முடியும்படி நவம்பர் 11 முதல் 23 வரை என்று முடிவு செய்தேன். 10-ஆம் தேதி ஞாயிறு கிளம்பி 24-ஆம் தேதி ஞாயிறு வந்து சேர்ந்தால், வாரத்துக்கு ஆறு நாள் வேலையுள்ள எங்களுக்குப் பன்னிரண்டு வேலைநாள்களே விடுப்பில் கழியும். அவ்வளவு ஈட்டிய விடுப்பு என் கணக்கில் இருந்தது.

அடுத்தது, எதையும் முன்பதிவு செய்யாமல் ஆகஸ்டிலேயே மேலாளரிடம் நேரில் பேசியது. டிக்கெட் போட்டாயிற்று சார் என்று சொல்லிக்கொண்டு போய் நின்றால், அனுமதி கேட்பதுபோல் அவரை நிர்ப்பந்தப்படுத்துகிறோம் என்றே பொருள். நான் நாள்களைச் சொல்லி, அந்த நாள்களில் எனக்குத் தெரியாத வாடிக்கையாளர் தணிக்கை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஒன்று இருக்கிறது என்றார். பிறகு, நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது. “ஏம்மா, பத்து நாள்ல முடிச்சிட்டு வர முடியாதா?”

இந்தக் கேள்விக்கான பதிலில்தான் விண்ணப்பத்தின் உயிரே இருக்கிறது என்று நினைக்கிறேன். “ரொம்ப நாள் ஆசை சார்” என்பது இதற்குப் பதிலாகாது. ஒரு தாளில் நாள்வாரியாக ஊர்ப்பெயரையும் உயரத்தையும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நடை தொடங்கும் லுக்லாவில் விமானத்திலிருந்து இறங்கும்போது சுமார் 2,860 மீட்டர்; நாம்சே பஜார் 3,440; டிங்போச்சே 4,410; அடிவார முகாம் 5,364. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தில் சொல்லப்படும் பொதுவான வரம்பு. முகாம் அருகில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு அதற்குப் பழகுமுன் ஏறினால் தலைவலி, குமட்டல் என்று தொடங்கி, நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாம்சேயில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் என்று தாளில் ஓய்வாகத் தெரிந்த அந்த இரண்டும் அதற்கானவை. பத்து நாளாகக் குறைத்தால் முதலில் வெட்டுப்படுவது அவைதான் என்று அந்த இரண்டு வரிகளைத் தொட்டுக் காட்டினேன். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். பதினான்கு நாள் என்பது ஆடம்பரமல்ல, பாதுகாப்புக்கான அளவு என்று அவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

அவருடைய இரண்டாவது கவலை, நான் சொன்ன நாளில் திரும்பி வருவேனா என்பது. அது நியாயமான கவலை. லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் பறக்கும். மேகம் இறங்கிவிட்டால் அன்றைய பறப்பு ரத்தாகும், சில வேளை அடுத்த நாளும் அப்படியே கழியும். அப்படி நடக்காது என்று நான் சொல்லவில்லை. 22-ஆம் தேதி விமானம், 23 முழுவதும் காத்திருப்புக்கான நாள், அதுவும் போதாவிட்டால் என் செலவில் ஹெலிகாப்டரில் இடம் கேட்பேன், எது நடந்தாலும் 22 மாலைக்குள் செய்தி அனுப்புவேன் என்று படிப்படியாகச் சொன்னேன். காப்பீட்டையும் காட்டினேன். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலான மலைநடையை ஏற்பதில்லை. ஆகவே முகாமின் உயரம் வரம்புக்குள் வருகிறதா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்கியிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தே தேர்ந்தெடுத்திருந்தேன். ஞாயிறுதோறும் முதுகில் சுமையோடு ராயக்கோட்டை மலைக்கோட்டை ஏறிப் பழகுவதையும் சொன்னேன். அந்தப் பழக்கம் காலுக்கும் மூச்சுக்கும் உதவுமே தவிர, உயரத்துக்கு உடம்பைப் பழக்காது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

வாய்வழியாகச் சம்மதம் கிடைத்த பிறகு, செப்டம்பர் முதல் வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், ஈட்டிய விடுப்புக்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் முன்பே கொடுத்தால், ஒப்படைப்புக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் மேலாளருக்கு அவகாசம் கிடைக்கும். விண்ணப்பத்தின் முக்கியப் பகுதி இதுதான்:

“நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரையிலான மலைநடைப் பயணத்துக்காக, 11.11.2024 முதல் 23.11.2024 வரை பன்னிரண்டு வேலைநாள்கள் ஈட்டிய விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த நாள்களில் அளவுத்திருத்தக் கெடு முடியும் கருவிகளை அக்டோபர் இறுதிக்குள் ஆய்வகத்துக்கு அனுப்பித் திரும்பப் பெற்றுவிடுவேன். ஆய்வறிக்கைகளில் கையொப்பமிட, இரண்டாம் ஷிப்டுப் பொறியாளருக்குத் தற்காலிக அதிகாரம் வழங்க வேண்டுகிறேன். அவர் இதற்குச் சம்மதித்துள்ளார். டிசம்பர்த் தணிக்கைக்கான ஆவணங்களை நவம்பர் 8-க்குள் தங்கள் பார்வைக்கு வைப்பேன். 25.11.2024 காலை பணியில் சேருவேன். வானிலையால் தாமதம் நேருமானால் 22 மாலைக்குள் தெரிவிப்பேன்.”

இதில் பயணத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. வாழ்நாள் கனவு, மனப் புத்துணர்ச்சி என்று எழுதினால், படிப்பவர் அந்தக் கனவுக்கு எவ்வளவு மதிப்பு என்று எடைபோட உட்காருவார். அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, நான் இல்லாதபோது எது நிற்கும், அதை யார் பார்ப்பார்கள் என்பது. “தொலைபேசியில் எப்போதும் கிடைப்பேன்” என்றும் நான் எழுதவில்லை. மேலே பல இடங்களில் சிக்னல் இருக்காது. காப்பாற்ற முடியாத வாக்கைக் கடிதத்தில் வைத்தால் மற்ற வாக்குறுதிகளின் மீதும் சந்தேகம் விழும்.

கையொப்ப அதிகாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒப்படைப்பில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வேலை தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். எங்கள் கூடத்தில் அந்த இரண்டாம் ஷிப்டுத் தம்பிக்கு என் அளவுக்கே அளவெடுக்கத் தெரியும். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பப் பட்டியலில் அவர் பெயர் இல்லையென்றால், நல்ல பொருளும் அறிக்கையில்லாமல் லாரியில் ஏறாமல் நிற்கும். மேலாளர் எழுத்தில் அதிகாரம் தந்தபின், நவம்பர் முதல் வாரம் முழுவதும் அவரையே கையொப்பமிட வைத்து, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓர் அறிக்கையில், துளையின் அளவைச் சோதிக்கும் பிளக் கேஜின் அடையாள எண்ணுக்குப் பதிலாகப் பெட்டியின் எண்ணை எழுதியிருந்தார். அது அன்றே தெரிந்ததால் அன்றே சரியானது.

ஒரு வாரத்துக்கு மேற்பட்ட விடுப்பு என்பதால் கோப்பு ஆலைத் தலைவர் வரை போனது. தணிக்கை ஆவணங்கள் நவம்பர் 8-க்குள் முடிந்திருக்க வேண்டும் என்ற என் சொல்லையே நிபந்தனையாக்கி அவர் ஒப்புதல் தந்தார். அதன் பிறகே முன்பணம் கட்டி டிக்கெட் எடுத்தேன்.

நான் மேலே இருந்தபோது வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தது. சந்தேகப்பட்ட பெட்டிகளை ஒதுக்கி வைத்து, உரிய நேரத்துக்குள் முதல் பதிலையும் அந்தத் தம்பியே அனுப்பிவிட்டார். இறங்கும் வழியில் நாம்சேயில் அதைப் படித்தேன். 22-ஆம் தேதி லுக்லாவில் மேகமூட்டத்தால் விமானம் எழவில்லை. அன்று மதியமே மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். 23 காலையில் பறந்து, 25 காலையில் சொன்னபடி வேலையில் சேர்ந்தேன்.

இவ்வளவு செய்தும் மறுப்பு வந்திருந்தால், அதை எழுத்தில் கேட்டு வாங்கியிருப்பேன். நான் குறிப்பிட்ட சட்டத்தின்படி, முறையாக விண்ணப்பித்து மறுக்கப்பட்ட ஈட்டிய விடுப்பு நாள்கள், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் முப்பது நாள் வரம்புக்குள் அடங்காமல் தனியே சேரும். தேதியிட்ட விண்ணப்பமும் தேதியிட்ட மறுப்பும் கையில் இருந்தால், அடுத்த வசந்தகாலத்துக்கு, அதாவது அந்தப் பாதையின் மற்றொரு பருவமான ஏப்ரலுக்கு, அதே தாளை நாள் மட்டும் மாற்றி மறுபடி வைக்கலாம்.