வேலூர்ப் புரட்சி உரையை நிமிடக் கணக்கில் அளந்து பார்த்தேன்

ஜூலை 10 அன்று எங்கள் சத்துவாச்சாரிப் பகுதி வாசகர் கூட்டத்தில் 1806 வேலூர்ப் புரட்சி பற்றிப் பத்து நிமிடம் எழுதி வாசிக்க வேண்டும். போன முறை பேசியபோது ஒரு இடத்தில் அவசரமாக வாசித்து ஓடிவிட்டேன் என்றார்கள். எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இந்த முறை முழு உரையையும் வாசித்துப் பதிவு செய்து, பகுதி பகுதியாக அளந்தேன்.

காலை ஐந்தரைக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை மேசைமேல் வைத்து, தவறினாலும் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தேன். பதிவை கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலியில் திறந்து, ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் இடத்தில் Ctrl+M அழுத்திக் குறி வைத்தேன். சொற்களை 60ஆல் பெருக்கி, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று வந்துவிடும்.

மொத்தம் 800 சொல், 560 நொடி. சராசரி 86. கோட்டையும் அகழியும் வரும் முதல் பகுதி 87. புதிய தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிச் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவுகளைச் சொல்லும் இரண்டாம் பகுதி 70. விடியுமுன் நடந்த தாக்குதல் மூன்றாம் பகுதி, அது 105. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வருவது 84, முடிவுப் பகுதி 87.

இரண்டாவது இழுக்கிறது, மூன்றாவது ஓடுகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டாவதைத் திரும்பக் கேட்டால் வாய் மெதுவாகப் போகவில்லை. அப்புறம்தான் தமிழில் சொல் எண்ணிக்கை ஏமாற்றும் என்பது உறைத்தது. 'அறிமுகப்படுத்தப்பட்டது' ஒரே சொல், வாய்க்கோ பத்து அசை. '1806ஆம் ஆண்டு' தாளில் இரண்டு சொல், வாசிக்கையில் 'ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டு' என்று நான்காகிறது. அதனால் எண்களை எழுத்தில் எழுதிவிட்டு, சொற்களோடு அசைகளையும் எண்ணினேன். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் போதும்:

```python
import re
t = open("p2.txt", encoding="utf-8").read()
print(len(t.split()), len(re.findall("[அ-ஔ]|[க-ஹ](?!்)", t)))
```

நொடிக்கு முதல் பகுதியில் 5.2 அசை, இரண்டாவதிலும் 5.2. என் வேகம் மாறவே இல்லை. கனமாக இருந்தது எழுத்துதான்: 'கொண்டுவரப்பட்டது', 'தடைசெய்யப்பட்டிருந்தது' என்று ஒரே பத்தியில் ஏழு. அதை மெதுவாகவோ வேகமாகவோ வாசித்துச் சரிசெய்ய முடியாது. 'புதிய தலைப்பாகை வந்தது. தாடி வைக்கக் கூடாது என்றார்கள்' என்று திருத்தி எழுதினேன்.

மூன்றாவது பகுதி 6.1. இங்கேதான் உண்மையிலேயே ஓடியிருக்கிறேன். அதை முப்பது முப்பது நொடியாக வெட்டிப் பார்த்ததில், முதல் துண்டு மற்ற பகுதிகளைப் போலவே இருந்தது. கடைசி இரண்டும்தான் ஏறியிருந்தன. இதைவிடச் சிறிதாக வெட்டக் கூடாது. இருபது சொல் துண்டில் குறி ஒரு நொடி தள்ளிப்போனாலே 86 என்பது 92 ஆகிவிடும்.

காரணத்தை அக்கா மகள்தான் பிடித்தாள். தாளை வைத்துக்கொண்டு கேட்டவள், "மாமா, இங்க மூச்சு விடவே இடம் இல்லையே" என்றாள். பார்த்தால், காவலரைச் சுட்டு, ஐரோப்பியர் குடியிருப்பைச் சூழ்ந்து, சன்னல் வழியே சுட்டு, கொடியை இறக்கி என்று வினையெச்சமாகவே அரைப் பக்கம் போகிறது. முற்றுப்புள்ளி வரும்வரை மூச்சு தாங்காது என்று தெரிந்து வாய் தானாகவே விரைகிறது. அந்த வாக்கியத்தை ஐந்தாக உடைத்தேன். நான்கு சொல் கூடியது, அவ்வளவுதான். கொடி இறங்கும் இடத்தில் மட்டும் பென்சிலால் இரட்டைக் கோடு போட்டேன்.

கில்லெஸ்பி பகுதியின் 84 சரியாகத் தெரிந்தாலும், அலை வரைபடத்தில் நடுவே ஏழு நொடி தட்டையாக இருந்தது. பக்கம் திருப்பிய நேரம்! அதைக் கழித்தால் 89. இப்போது அந்தப் பக்கம் ஒரு பத்தி முடிவில் திரும்பும்படி அச்செடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பதிவு செய்தேன். இரண்டாம் பகுதி 188 சொல், 138 நொடி, அதாவது 82. அசை அதே 5.2. மூன்றாம் பகுதி 214 சொல், 146 நொடி. 105இலிருந்து 88க்கு இறங்கிவிட்டது, நொடிக்கு 5.1 அசை. மற்ற மூன்றும் முன்போலவே. மொத்தம் 9 நிமிடம் 34 நொடி ஆகிறது. மீதி 26 நொடியில் கொஞ்சத்தைப் பீரங்கியால் கோட்டைக் கதவைத் தகர்க்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தமாக வைக்கப் போகிறேன். அங்கே எண்ணிக்கை இறங்கினால் இறங்கட்டும். அடுத்த பதிவு, கூட்டத்தில் போலவே நின்றுகொண்டு.