தையல் கடைக்கு உத்யம் பதிவு: எந்தக் குறியீடு, எந்தத் தொகை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வங்கியில் கடன் கேட்டபோது, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களை மத்திய அரசிடம் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழ் கேட்டார்கள். udyamregistration.gov.in தளத்தில் ஆதார் எண், பான் எண், ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு வரும் ஓடிபி இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது வேறு தளம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு நேரம் பிடித்தது தொழில் குறியீட்டில்தான். உதவிக்கு வந்த பக்கத்துக் கடைத் தம்பி, "கடைதானே அக்கா, 47711 போடுங்க" என்றான். அது ஆயத்த ஆடைகளைச் சில்லறையில் விற்பவர்களுக்கான குறியீடு. அதை மட்டும் போட்டால் நான் வியாபாரியாகப் பதிவாகிவிடுவேன். வியாபாரிகளுக்கு உத்யம் பதிவால் கிடைப்பது வங்கிகளின் முன்னுரிமைக் கடன் மட்டும்தான்; பாக்கி இழுத்தடிப்பவர்மீது புகார் செய்யும் உரிமை போன்றவை வராது. நான் வாங்கி விற்கவில்லை, தைக்கிறேன். அதனால் உற்பத்தியைத் தேர்ந்தெடுத்து, 14 என்ற ஆடைப் பிரிவில் 1410-க்குள் போய், அளவெடுத்துத் தைப்பதற்கு 14105, சொந்தத் துணியில் நைட்டி தைத்து விற்பதற்கு 14101 என இரண்டையும் சேர்த்தேன். தைத்ததை என் கடையிலேயே விற்றாலும் அது உற்பத்திதான்.

அப்புறம் விற்றுமுதல். ஜாக்கெட்டுக்குத் துணி வாடிக்கையாளருடையது, ஆகவே என் வரவு தையல் கூலி மட்டும். போன வருட நோட்டைக் கூட்டினால் 1,62,000 ரூபாய். நைட்டிக்குத் துணி நானே வாங்குகிறேன், அதனால் விற்ற விலை முழுவதும் கணக்கில் வரும், 1,98,000. ஆக 3,60,000. துணிச் செலவைக் கழித்து லாபத்தை எழுதக்கூடாது, அந்தக் கட்டம் கேட்பது விற்றுமுதலை. பத்து லட்சம் என்று போட்டால் கடன் கூடக் கிடைக்கும் என்றும் சிலர் சொன்னார்கள். ஆனால் வங்கி நம் கணக்கில் வந்த வரவைப் பார்க்கத்தானே போகிறது, நாளைக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் அந்தத் தொகையும் பான் வழியாக இதே பதிவோடு பொருத்திப் பார்க்கப்படும். 10 கோடி விற்றுமுதல் வரை குறுந்தொழில்தான், உயர்த்திச் சொல்லி ஏற வேண்டிய படி எதுவும் இல்லை.

முதலீட்டில் மோட்டார் வைத்த தையல் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் ஜிஎஸ்டி நீக்கிய விலையில் வரும். கடை இடம், அறைகலன்கள் வராது, அதனால் அலமாரியையும் நாற்காலிகளையும் விட்டுவிட்டேன். வருமான வரிக் கணக்கு இதுவரை தாக்கல் செய்யாததால் இல்லை என்றே குறித்தேன். தாக்கல் செய்ததும் அதே தளத்தில் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் கட்டணம் இல்லை.