இரண்டு வருடப் படிப்பு விடுப்பு: வேலை இருந்தது, இருக்கை மாறியது

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஆற்று நீரோட்டத்தை அளக்கும் பிரிவில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். வேலையில் சேர்ந்து ஏழு வருடம் ஆனபிறகு, 2022-இல், நீர்வளப் பொறியியலில் முழுநேர எம்.டெக். படிக்கச் சென்னையிலேயே இடம் கிடைத்தது. கையில் சேர்க்கைக் கடிதம் இருந்தும் மனதில் ஒரே கேள்வி. திரும்பி வரும்போது என் வேலை எனக்காக இருக்குமா?

எங்களுக்கு இதில் வழிகாட்டுவது மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ஆம் ஆண்டின் சிசிஎஸ் விடுப்பு விதிகள். அதில் 50 முதல் 63 வரை படிப்பு விடுப்பைப் பற்றியவை. நான் முதலில் படித்தபோது கண்ணில் பட்டது, இது உரிமை இல்லை என்பதுதான். தகுதிகாண் காலத்தையும் சேர்த்து ஐந்து வருடத் தொடர் சேவை இருக்க வேண்டும், ஓய்வுபெறும் வயது நெருங்கியிருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும், அலுவலகத்தில் ஆள் போதாது என்று சொல்லி மறுக்கலாம். ஆனால் ஒருமுறை கொடுத்துவிட்டால் அப்புறம் நம் நிலை பலமானது.

என் முதல் மனு மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. நான் அதில் 'என் தொழில் முன்னேற்றத்துக்காக' என்று எழுதியிருந்தேன். விதி கேட்பதோ, படிப்பு நம் பணியோடு நேரடியாகவும் நெருக்கமாகவும் தொடர்புடையதாக இருக்க வேண்டும், அதனால் பொது நலனுக்குப் பயன் இருக்க வேண்டும் என்று. நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மா என்னை அருகில் உட்காரவைத்து, "பாடத்திட்டத்தைக் கொண்டா, உன் வேலையையும் பக்கத்தில் வைத்து எழுது" என்றார். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் 'வெள்ள முன்னறிவிப்பு மாதிரிகள்', வலப்பக்கம் மழைக்காலத்தில் நாங்கள் அனுப்பும் தினசரி வெள்ள அறிக்கை. இடப்பக்கம் 'நீரோட்ட அளவீட்டுப் பிழைகள்', வலப்பக்கம் நான் மாதாமாதம் சரிபார்க்கும் அளவுகோல் பதிவேடு. இப்படி எட்டு வரி. அந்த ஒரு தாள் போட்டபிறகு கோப்பு நகர்ந்தது.

பயமாக இருந்ததைக் கேட்டேவிட்டேன். "என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டால்?"

"போடத்தான் செய்வோம். ஆறு ஓடுகிறதே, யாராவது அளக்க வேண்டாமா? உன் நாற்காலி போகும், உன் வேலை போகாது."

அவர் சொன்னதன் பின்னால் இருப்பது 'லியன்'. நிரந்தரமான ஊழியருக்குத் தன் பணியிடத்தின் மேல் இருக்கும் பிடிப்பு அது. அடிப்படை விதிகளின்படி விடுப்பில் இருக்கும்போதும் அது தொடரும். அதனால் விடுப்பு முடிந்தால் அதே பதவி நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அதே மேசை, அதே பிரிவு, அதே ஊர் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு திரும்பி வரும்போது மனம் உடைகிறார்கள்.

முழுச் சேவைக்கும் 24 மாதம்தான் உச்சம், ஒரு தடவைக்குச் சாதாரணமாக 12 மாதம். எனக்கும் 2022 ஜூலை 18 முதல் ஒரு வருடத்துக்குத்தான் முதலில் உத்தரவு வந்தது. திரும்பி வந்து மூன்று வருடம் வேலை செய்வேன், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவேன் என்று படிவம் 7-இல் பாண்ட் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் வருடத்துக்கு முதல் வருட மதிப்பெண்களை இணைத்து நீட்டிப்பு கேட்டு, படிவம் 8-இல் இன்னொரு பாண்ட். இந்த நீட்டிப்பு தானாக வராது. நான் ஏப்ரலிலேயே மனு போட்டும் உத்தரவு கைக்கு வந்தது ஜூலை முதல் வாரத்தில்.

விடுப்பில் சம்பளம் நிற்கவில்லை. போகும்போது இருந்த அடிப்படைச் சம்பளம் 52,000 ரூபாய், அதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. வாடகைப்படி முதல் 180 நாளுக்குச் சிக்கலில்லை, அதற்குமேல் தனிச் சான்று கொடுக்க வேண்டும். போக்குவரத்துப் படி வராது. கேட் தேர்வு மூலம் சேரும் எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதை வாங்கினால் விடுப்புச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். உதவித்தொகையோ பகுதிநேர வருமானமோ இல்லை என்று சான்று தர வேண்டும் என்பதால் நான் அதைக் கேட்கவே இல்லை.

பாண்ட் என்பது வெறும் காகிதமில்லை என்பது இரண்டாம் வருடத்தில்தான் எனக்கு உறைத்தது. தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றிலிருந்து நல்ல வேலைக்கு அழைப்பு வந்தது. அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்து மூன்று வருடம் முடிவதற்குள் விலகினால் விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். படிகளையும் சேர்த்து 24 மாதத்துக்கு 21 லட்சத்தைத் தாண்டியது. கட்டச் சொல்லிக் கேட்ட நாளிலிருந்து அதற்கு வட்டியும் உண்டு. படிப்பை முடிக்காமல் விட்டாலும் இதே கதிதான். அழைப்பை மறுத்துவிட்டேன்.

கடைசியில் சிக்கல் வந்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். வெளித் தேர்வாளருக்குத் தேதி கிடைக்காமல் வாய்மொழித் தேர்வு ஆகஸ்டுக்குத் தள்ளிப் போனது. 24 மாதமோ 2024 ஜூலை 17-ஆம் தேதி முடிகிறது. படிப்பு விடுப்பை ஒரு நாள்கூட நீட்ட முடியாது. ஆனால் மற்ற விடுப்போடு சேர்க்கலாம், மொத்தம் 28 மாதத்தைத் தாண்டாமல். என் கணக்கில் ஈட்டிய விடுப்பு இருந்ததால் 33 நாள் கேட்டு வாங்கினேன். விடுப்பு முடிவதற்கு முன்னாலேயே அந்த மனுவைக் கொடுத்ததுதான் என்னைக் காப்பாற்றியது. சொல்லாமல் ஒரு வாரம் இருந்திருந்தால் அனுமதியில்லாமல் பணிக்கு வராத நாள்களாகப் பதிவாகியிருக்கும். இதற்கு நேர் எதிராக, படிப்பு முன்னதாக முடிந்துவிட்டால் மிச்ச விடுப்பை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது, உடனே வேலையில் சேர வேண்டும்.

என் தம்பி தனியார் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். அவனும் படிக்க விரும்பி ஒரு வருடம் விடுப்பு கேட்டான். தனியார் ஊழியருக்குப் படிப்பு விடுப்பு கொடுத்தாக வேண்டும், வேலையைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. நிறுவனத்தின் கொள்கையும் அவர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதமும்தான் எல்லாம். அவனுக்கு வந்த கடிதத்தில் 'இடம் காலியாக இருந்தால் பரிசீலிக்கப்படும்' என்று இருந்தது. அதை நம்பிப் போக வேண்டாம், அதே நிலை, அதே சம்பளம், சேவை முறியாது என்று எழுதித் தரச் சொல் என்றேன். மறுத்துவிட்டார்கள். அவன் மாலை நேரப் படிப்பில் சேர்ந்தான்.

2024 ஆகஸ்ட் 20-ஆம் தேதி காலை சேருகை அறிக்கையைக் கொடுத்தேன். பழைய இடத்தில் வேறொருவர் இருந்தார், என்னை வெள்ள முன்னறிவிப்புப் பிரிவில் போட்டார்கள். சீனியாரிட்டி குறையவில்லை. விடுப்பில் விழுந்த இரண்டு ஜூலை மாத ஊதிய உயர்வுகளும் சேர்ந்த நாளிலிருந்து கணக்கில் வந்து அடிப்படைச் சம்பளம் 55,200 ஆனது. இழந்தது, இரண்டு வருடத்தில் சேர்ந்திருக்க வேண்டிய 60 நாள் ஈட்டிய விடுப்பு. படிப்பு விடுப்புக் காலத்துக்கு அரைச் சம்பள விடுப்பு மட்டுமே கணக்கில் ஏறும்.

மதிப்பெண் பட்டியலையும் படிப்பு தொடங்கி முடிந்த தேதிச் சான்றையும் கொடுத்துவிட்டுப் பணிப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த 33 நாளையும் படிப்பு விடுப்பிலேயே சேர்த்து எழுதியிருந்தார்கள். 24 மாதத்தைத் தாண்டியதாகப் பின்னால் தணிக்கையில் கேள்வி வந்திருக்கும். அன்றே மனு கொடுத்து, திருத்திக் கையெழுத்துப் போட்ட பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டுதான் என் புதிய மேசைக்குப் போனேன்.